நாற்றமா, வாடையா, மணமா: கருவாட்டு பிராண்டுக்கு ஒரு பக்க டோன் கைடு

கேள்வி: நாங்கள் மண்டபம் பக்கம் ஏழு பெண்கள் சேர்ந்து கருவாடு போடுகிறோம். இரண்டு வருடமாக மதுரை, கோவை, சென்னை வரை கூரியரில் போகிறது. பாக்கெட்டில் ஒட்டுவதை நான் எழுதுகிறேன், வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது என் மகள், இன்ஸ்டாகிராம் என் தங்கை மகன். மூன்றும் மூன்று ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எங்கள் சரக்கை எடுக்கும் மதுரைக் கடைக்காரர் சொன்னார். எந்தச் சொல் போடணும், எந்தச் சொல் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் டோன் கைடு எழுதி வைக்கச் சொல்கிறார். அதை எப்படி எழுதுவது? தங்கை மகன் போட்டதில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன்: "ஆழ்கடலிலிருந்து நேரடியாக உங்கள் இல்லம் தேடி! 100% ஆர்கானிக், ஃப்ரெஷ் நெத்திலி கருவாடு! நாற்றமே இல்லை! ஏழை மீனவப் பெண்களின் வாழ்வில் ஒளியேற்றுங்கள்!"

பதில்: வணக்கம். எழுத உட்காருவதற்கு முன்னால் மகளின் போனை வாங்கி, வாடிக்கையாளர்கள் அனுப்பிய கடைசி ஐம்பது உரையாடல்களைப் படியுங்கள், குரல் பதிவு இருந்தால் அதையும் கேளுங்கள். அவர்கள் வாயில் வந்த சொற்களை ஒரு தாளில் அப்படியே குறித்துக்கொண்டே வாருங்கள். "உப்பு தூக்கலா இருக்குமா", "மண்ணு இருக்குமா", "தலை கிள்ளினதா", "பக்கத்து வீட்டுக்கு வாடை போகுமா", "போன தடவை நமத்துப் போயிருந்துச்சு" என்றுதான் வரும். உங்களிடம் கருவாடு வாங்குகிற ஒருவரும் "சுவைமிகு உலர் மீன் கிடைக்குமா" என்று கேட்டிருக்க மாட்டார். இன்னொரு தாளில், காயப்போடும் இடத்தில் நீங்கள் ஏழு பேரும் பேசிக்கொள்ளும் சொற்களை எழுதுங்கள். கீறுவது, உப்புப் பிடிப்பது, புரட்டிப் போடுவது, "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்பது. டோன் கைடில் 'போட வேண்டிய சொல்' பகுதி பெரும்பாலும் இந்த இரண்டு தாளிலிருந்துதான் வர வேண்டும், தலையிலிருந்து புதிதாக யோசித்து எடுக்கிற சொற்கள் பாக்கெட்டில் ஏறியதும் வேறு யாரோ எழுதியது போல ஆகிவிடும்.

தவிர்க்க வேண்டிய சொல் பகுதிக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதையாவது போடக் கூடாது என்று எழுதினால் அதற்குப் பதில் என்ன போடுவது, ஏன் என்று அதே வரியில் இருக்க வேண்டும். வெறும் தடைப் பட்டியலை நான் ஒரு மசாலா நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதினான்கு பக்கம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பழைய சொற்களே பாக்கெட்டில் இருந்தன. எழுதுகிறவர் அவசரத்தில் இருக்கிறார், 'இது கூடாது' என்று மட்டும் சொன்னால் அந்த இடத்தில் வைக்க அவரிடம் வேறு சொல் இல்லை, அதனால் பழையதையே போட்டுவிடுகிறார்.

இதை உங்கள் தங்கை மகன் எழுதியதில் ஒரே ஒரு சொல்லை வைத்து முழுதாகச் செய்து காட்டுகிறேன். 'நாற்றமே இல்லை.'

அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது புரிகிறது. கருவாடு ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள்கூட ஃபிளாட்டில் இருந்துகொண்டு வாங்கத் தயங்குவது பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றுதான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதும் சரிதான். ஆனால் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம், இன்று யார் காதிலும் அது அப்படி விழாது. உங்கள் சரக்கின் பெயருக்குப் பக்கத்திலேயே 'நாற்றம்' என்று எழுதிவிட்டால், 'இல்லை' என்று அடுத்து வந்தாலும் படிக்கிறவர் மனதில் நிற்பது முதல் சொல்தான். அப்புறம், அது உண்மையும் இல்லை. வாணலியில் போட்டதும் தெரு முனை வரை போவதுதான் கருவாடு, அந்த மணத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். மணமே வராத நெத்திலியை யாராவது கொடுத்தால் பழசோ என்று நீங்களே சந்தேகப்படுவீர்கள்.

அதனால் ஒரு விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். சமைக்கும்போது வருவது கருவாட்டு மணம், அதைப் பெருமையாகவே எழுதலாம். கூரியரிலும் அலமாரியிலும் வரக் கூடாதது வாடை, அது கவரைப் பற்றிய விஷயம், மீனைப் பற்றியது இல்லை. ஆகவே கைடில் இந்த வரி இப்படி வரும்: 'நாற்றமில்லாத' என்று எழுதாதே. மீனைப் பற்றி என்றால் 'கருவாட்டு மணம்', பாக்கெட்டைப் பற்றி என்றால் 'வாடை வெளியே வராத கவர்'. காரணம், வாடிக்கையாளர் பயப்படுவது பக்கத்து வீட்டை நினைத்து, கருவாட்டை நினைத்து இல்லை. இந்த இரண்டாவது சொல்லைப் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒட்டிய பாக்கெட் ஒன்றைத் துணி வைக்கும் பீரோவில் இரண்டு நாள் வையுங்கள். துணியில் ஏறியிருந்தால் அந்த வாசகத்தை எழுத உங்களுக்கு இன்னும் உரிமை வரவில்லை, முதலில் கவரை மாற்ற வேண்டும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசித்தால்தான் கைடில் அது ஒரு வரியாக நிற்கும். ஒரு பக்கத்தில் இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து வரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது.

அடுத்தது, அழகுக்கு முன்னால் உண்மை பார்க்க வேண்டிய சொற்கள். இதில் சட்டமும் வருகிறது, அதனால் இவற்றைப் பக்கத்தின் மேலேயே வையுங்கள்.

ஃப்ரெஷ் என்ற சொல்லைக் கருவாட்டுக்குப் போட முடியாது. உணவு விளம்பரங்களுக்கும் லேபிள்களுக்கும் 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளில் அந்தச் சொல்லுக்கு வரையறை இருக்கிறது. கழுவியது, தோல் நீக்கியது, நறுக்கியது, குளிரில் வைத்தது போன்ற சிறு வேலைகளுக்கு மேல் எந்தப் பக்குவமும் செய்யாத பொருளுக்குத்தான் அது. உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பது பக்குவம் செய்வதுதானே. வாடிக்கையாளர் ஃப்ரெஷா என்று கேட்டால் அவர் அறிய விரும்புவது எப்போது போட்டது என்பதை, அதைச் சொல்லிவிடுங்கள்: 'இந்த மாதம் போட்டது', லேபிளில் பேக் செய்த தேதி.

ஆர்கானிக் என்பதும் அப்படித்தான். அது சான்றிதழோடு வருகிற சொல், வளர்க்கும் முறையைப் பற்றிய சொல். கடலில் தானாகத் திரிந்த நெத்திலிக்கு நீங்கள் தீனி போடவில்லை, அதனால் அதை ஆர்கானிக் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. தங்கை மகன் சொல்ல வந்தது மருந்து எதுவும் அடிக்கவில்லை என்பதாக இருக்கும். அது உண்மையானால் 'மீனும் உப்பும் மட்டும்' என்று எழுதுங்கள், உப்பே போடாத நெத்திலி என்றால் 'மீன் மட்டும்'. 100% என்பதையும் எடுத்துவிடுங்கள், 2025 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே லேபிளிலும் விளம்பரத்திலும் அதைத் தவிர்க்கச் சொல்லி அறிவுறுத்தியிருக்கிறது. மூட்டு வலிக்கு நல்லது, சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால்கூட மகள் ஆமாம் போடக் கூடாது, உணவை நோய்க்கு மருந்தாகச் சொல்லி விற்க விதி இடம் தரவில்லை.

ஆழ்கடல் என்ற சொல் உங்கள் ஊரில் இருந்துகொண்டு எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். பாக் விரிகுடா எவ்வளவு ஆழம் என்று உங்கள் வீட்டு ஆண்களைக் கேளுங்கள், பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைவு. உங்களிடம் அதைவிட நல்ல சொல் இரண்டு இருக்கிறது, வடகடல், தென்கடல். பாக் விரிகுடாப் பக்கம் பிடித்ததா, மன்னார் வளைகுடாப் பக்கம் பிடித்ததா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் வசதி வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லை. கோவைக்காரருக்குப் புரியாது என்று பயப்பட வேண்டாம், 'தென்கடல் நெத்திலி, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் பிடித்தது' என்று பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு தடவை விளக்கினால் போதும். ஆனால் எந்தக் கடல் என்று உங்களுக்கே தெரியாத சரக்கில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள், அப்போது 'மண்டபம் கருவாடு' போதும்.

இதோடு சேர்த்து ஒரு வரி: 'இன்று காலை கடலிலிருந்து' என்பது எந்த நாளிலும் வேண்டாம், அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது சுத்தமாக வேண்டாம். அந்த நாட்களில் 'தடைக்காலத்துக்கு முன்னால் போட்ட கருவாடு' என்று எழுதலாம். கருவாடு என்ற ஏற்பாடே அப்படிப்பட்ட நாட்களுக்காக வந்ததுதானே, அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சரி, 'ஏழை மீனவப் பெண்கள்.' இந்தச் சொல்லை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். முதல் பாக்கெட்டை ஒருவர் இரக்கத்தில் வாங்குவார், இரண்டாவது பாக்கெட்டை ருசி இருந்தால்தான் வாங்குவார். இரக்கத்தில் வாங்கியவர் சரக்கில் குறை இருந்தாலும் 'பாவம், போகட்டும்' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார், உங்களுக்கு எது தப்பு என்று தெரியாமலே போய்விடுகிறது. அதைவிட, ஏழு பேரும் அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறார்கள் இல்லையா. கைடில் இப்படி எழுதுங்கள்: எங்களைப் பற்றி எழுதும்போது நிலைமையை எழுதாதே, வேலையை எழுது. 'ஏழு பேர் சேர்ந்து கீறி, உப்புப் பிடித்து, காயவைக்கிறோம்.' ஒளியேற்றுங்கள், கைகொடுங்கள், ஆதரவு தாருங்கள் மூன்றும் போகட்டும், அந்த இடத்தில் 'வாங்கிப் பாருங்கள்' வரட்டும்.

மீன் பெயர்களுக்குத் தனியாக நாலு வரி ஒதுக்குங்கள், பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் இங்கேதான். தெற்குக் கரையில் பலர் சீலா என்று சொல்வது சென்னைக்காரரின் வஞ்சிரம். அதே சீலாவை வேறு சில ஊர்களில் ஊளிக்குச் சொல்கிறார்கள். நீங்கள் சீலா கருவாடு என்று எழுத, அங்கே ஒருவர் வேறு மீனை நினைத்து வாங்கி, விலையைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். அதற்காக உங்கள் பெயரை விட வேண்டாம். 'சீலா (வஞ்சிரம்)' என்று எப்போதும் இரண்டையும் சேர்த்தே எழுதுவது என்று கைடில் வையுங்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு மீனுக்கும் இப்படி ஊர்ப் பெயர் முன்னால், வெளியூர்ப் பெயர் அடைப்புக்குள். மூன்று பேரும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம்: நெத்திலியா நெத்தலியா, ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் மாற்றாதீர்கள். உலர் மீன், டிரை ஃபிஷ் என்று மரியாதைக்காக எழுதுவதும் வேண்டாம், கருவாடு என்பதே மரியாதையான சொல்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. 'நம்ம கடல்' என்றால் வாங்குகிறவரும் உள்ளே வந்துவிடுகிறார், 'எங்கள் கடல்' என்றால் அவர் வெளியே நின்று பார்க்கிறார். ராமநாதபுரத்துக்காரருக்கு நம்ம கடல் சரி, கோவைக்காரருக்கு அது ஒட்டாது. உங்கள் சரக்கு பாதிக்கு மேல் வெளியூர் போவதால் 'நாங்கள்' என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர் 'நீங்கள்'. மக்களே, உறவுகளே, கருவாட்டுப் பிரியர்களே எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கம் இருப்பவர் அக்கா என்று ஆரம்பித்தால் மகளும் அக்கா என்று சொல்லட்டும், அவர் ஆரம்பிக்காமல் நாம் ஆரம்பிக்க வேண்டாம். பேச்சு நடை எதுவரை என்றும் ஒரு வரி: வாட்ஸ்அப்பில் 'கால் கிலோ', லேபிளில் 250 கிராம்.

இனி அந்த இன்ஸ்டாகிராம் வாசகத்தை இந்தப் பக்கத்தை வைத்துத் திருத்திப் பார்ப்போம். உண்மை எது என்று உங்களுக்குத்தான் தெரியும், ஒரு பேச்சுக்கு நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்:

"தென்கடல் நெத்திலி. தலை கிள்ளியது, உப்புப் போடாதது. வலைமேல் இரண்டு வெயில் காயவைத்திருக்கிறோம், அதனால் மண் இருக்காது. வாடை வெளியே வராத கவரில் வரும். வாணலியில் போட்டதும் கருவாட்டு மணம் தெரியும். கால் கிலோ, அரைக் கிலோ இருக்கிறது, வாங்கிப் பாருங்கள்."

இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை, கவனித்தீர்களா. ஆனால் மகளிடம் தினமும் கேட்கப்படும் கேள்விகளில் உப்பு, மண், தலை, வாடை நான்குக்கும் பதில் வந்துவிட்டது. 'இரண்டு வெயில்' என்பதைத் தங்கை மகன் '48 மணி நேரம் சூரிய ஒளியில்' என்று மாற்ற ஆசைப்படுவார், விடாதீர்கள். இரண்டு வெயில் என்றால் இரண்டு பகல், 48 மணி நேரம் என்றால் இரவும் சேர்ந்து கணக்குத் தப்பாகிவிடும். வலைமேல் காயவைக்கவில்லை, தார்ப்பாயில் காயவைக்கிறீர்கள் என்றால் தார்ப்பாய் என்றே எழுதுங்கள்.

கைடில் கடைசி நாலு வரியைக் குறை வரும் நாளுக்கு வையுங்கள், ஏனென்றால் அன்றுதான் மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாக்கெட் நமத்துப்போய்ப் போய்ச் சேரும், உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பு பூக்கும். அப்போது 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று எழுதாதே, வாடிக்கையாளர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல். 'நமத்துப் போனதை அனுப்பியது எங்கள் தப்பு. அதைச் சமைக்க வேண்டாம். வேறு பாக்கெட் அனுப்பட்டுமா, பணத்தைத் திருப்பிப் போடட்டுமா?' சிவப்புப் பூத்ததைத் தட்டிவிட்டுக் கழுவிச் சாப்பிடலாம் என்று மகள் சொல்லவே கூடாது. உப்பைத் தாங்கும் கிருமியால் வருவது அது, பண்டம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதே காரணத்துக்காக 'கெடவே கெடாது' என்ற வாசகமும் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேரட்டும், லேபிளில் எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

பக்கம் எழுதி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. மூன்று பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, கைடைக் கையில் கொடுத்து, ஒரே விஷயத்தை எழுதச் சொல்லுங்கள், உதாரணத்துக்கு 'சூடைக் கருவாடு வந்துவிட்டது' என்று நாலு வரி. பெயரை மறைத்துவிட்டு, கூட வேலை செய்கிற மற்ற ஆறு பேரில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று அவர் உடனே சொல்லிவிட்டால் பக்கத்தில் இன்னும் ஏதோ ஒரு வரி குறைகிறது, எந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள், அந்தச் சொல்தான் அடுத்த வரி. படிக்கும்போது அவர் தடுக்கி நின்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதை ஒரே தாளில், தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு (உப்புக் காற்றில் வெறும் தாள் ஒரு மாதம் தாங்காது) பேக் செய்யும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். மகளின் போனிலும் தங்கை மகனின் போனிலும் அதையே படமாக எடுத்து வையுங்கள். அடியில் தேதி போடுங்கள். தடைக்காலத்தில் வேலை குறைவாக இருக்கும்போது வருடம் ஒரு தடவை அப்போதைய கடைசி ஐம்பது உரையாடல்களைப் படித்து, புதிதாக வந்த சொல் ஒன்றிரண்டைச் சேர்த்து, யாரும் இப்போது பயன்படுத்தாத சொல் ஒன்றிரண்டை எடுத்துவிடுங்கள். மதுரைக் கடைக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அவர் கடைப் பலகையில் உங்கள் சரக்கைப் பற்றி எழுதும்போது அவரும் 'நாற்றமில்லாத' என்று எழுதிவிடக் கூடாது இல்லையா.